வளரறி மதிப்பீட்டு ஆய்வேட்டில் முன்னாய்வு மீளாய்வு: ஓர் எண்ணின் மூலத்தைத் தேடல்

ஆய்வுச் சுருக்கம்

ஆசிரியர் கல்வியியல் நிறைஞர் (எம்.எட்.) பட்டத்திற்கான ஆய்வேடுகளில் வளரறி மதிப்பீடு அடிக்கடி எடுத்தாளப்படும் பொருளாகும். அவ்வேடுகளின் இரண்டாம் இயல் பெரும்பாலும் ஆய்வுகளின் பட்டியலாகவே நின்றுவிடுகிறது. பட்டியலில் எடுத்துக்காட்டப்படும் எண்களும் வரையறைகளும் எங்கிருந்து வந்தன, எதனை அளந்தன என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. வளரறி மதிப்பீட்டின் விளைவளவு 0.4 முதல் 0.7 வரை எனப் பரவலாகச் சுட்டப்படும் கூற்றை மூலம் வரை பின்தொடர்ந்து, அதன்வழி முன்னாய்வு மீளாய்வை எவ்வாறு கட்டியெழுப்புவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சொல்லின் பொருளை வரையறுத்தல், தேடலைப் பதிவு செய்தல், எண்ணின் மூலத்தைக் காணல், முரண்படும் முடிவுகளை ஒருங்கே வைத்து எழுதுதல் என்னும் நான்கு படிகள் இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வளரறி மதிப்பீடு, பின்னூட்டம், விளைவளவு, தொகுப்புப் பகுப்பாய்வு, முன்னாய்வு மீளாய்வு.

முன்னுரை

தமிழ்த்துறை ஆய்வேடுகளில் ‘ஆய்வு முன்னோடிகள்’ என வழங்கும் பகுதியே கல்வியியல் ஆய்வேடுகளில் ‘தொடர்புடைய இலக்கிய மீளாய்வு’ என்னும் தலைப்பில் இரண்டாம் இயலாக அமைகிறது. இவ்விரண்டிற்கும் நோக்கம் ஒன்றே. இதுவரை அறியப்பட்டது யாது, அறியப்படாதது யாது, இவ்வாய்வு எவ்விடத்தில் கால் ஊன்றுகிறது என்பதை நிறுவுவதே அந்நோக்கம். நடைமுறையில் இவ்வியல் வேறு வடிவம் பெறுகிறது. ஆய்வாளர் பெயர், ஆண்டு, மாதிரியின் அளவு, முடிவு என்ற வரிசையில் ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு பத்தி எழுதப்படுகிறது. இந்திய ஆய்வுகள் தனியாகவும் வெளிநாட்டு ஆய்வுகள் தனியாகவும் பிரிக்கப்படுகின்றன. இறுதியில் ‘இத்தலைப்பில் போதிய ஆய்வுகள் நிகழவில்லை’ என்னும் முடிபு சேர்க்கப்படுகிறது. அம்முடிபு முன்னுள்ள பத்திகளிலிருந்து பெறப்பட்டதன்று. எப்பட்டியலின் இறுதியிலும் அதனை ஒட்டிவிடலாம்.

ஒரு மாதிரிச் சூழலை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு மாணவர் எழுதும் தமிழ்க் கட்டுரைகளுக்குப் பயிற்சி ஆசிரியர்கள் தரும் எழுத்துவழிப் பின்னூட்டம், மாணவரின் எழுத்துத் திறனை உயர்த்துமா என்பதை ஓர் எம்.எட். மாணவர் ஆராய விரும்புகிறார். ஒரு பள்ளியின் இரு பிரிவுகள் அவருக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் 35 மாணவர். அவர் எழுதும் இரண்டாம் இயலின் முதல் தொடர், ‘வளரறி மதிப்பீடு கற்றலை 0.4 முதல் 0.7 வரை உயர்த்துகிறது (பிளாக், வில்லியம், 1998)’ என அமைகிறது. இத்தொடர் எங்கும் காணப்படுவது. ஆதலின் ஐயமின்றி ஏற்கப்படுகிறது. ஆயினும் இத்தொடரை நம்பி வடிவமைக்கப்படும் ஆய்வு, தொடங்கும் முன்பே தோல்விக்கு ஆளாகக்கூடும் என்பதை இக்கட்டுரை பின்னர்க் காட்டும்.

1. சொல்லின் பொருளை வரையறுத்தல்

முதற்படி தேடுவதன்று, எதனைத் தேடுகிறோம் எனத் தெளிதல். ‘வளரறி’ என்னும் அடைக்கு நேரான ஆங்கிலச் சொல்லை மைக்கேல் ஸ்கிரிவன் 1967-இல் மதிப்பிடல் பற்றிய கட்டுரையில் கையாண்டார். அவர் பேசியது மாணவரைப் பற்றியன்று, கலைத்திட்டத்தைப் பற்றி. உருவாகிக்கொண்டிருக்கும் கலைத்திட்டத்தைத் திருத்துவதற்குச் செய்யும் மதிப்பிடலை அவர் அச்சொல்லால் குறித்தார். முடிந்த பின் அதன் தகுதியைத் தீர்மானிக்கும் மதிப்பிடலுக்கு, இன்று நாம் தொகுத்தறி என வழங்கும் சொல்லைக் கையாண்டார். பெஞ்சமின் புளூம், ஹேஸ்டிங்ஸ், மதாஸ் ஆகியோர் 1971-இல் வெளியிட்ட கையேடு இச்சொல்லை மாணவர் கற்றலுக்கு உரியதாக்கியது. அங்கு அது, ஓர் அலகின் இறுதியில் நடத்தும் சிறு தேர்வையும் அதன்பின் தரும் குறைதீர் கற்பித்தலையும் குறித்தது.

1983-இல் ராமபிரசாத் பின்னூட்டத்துக்கு ஒரு வரையறை தந்தார். அவர் மேலாண்மையியல் சார்ந்து எழுதியவர். இருக்கும் நிலைக்கும் அடைய வேண்டிய நிலைக்கும் உள்ள இடைவெளி பற்றிய தகவல், அவ்விடைவெளியை மாற்றப் பயன்படுத்தப்பட்டால்தான் பின்னூட்டமாகும் என்பது அவர் கருத்தின் சாரம். இதனை 1989-இல் சாட்லர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். தரம் எது என மாணவர் அறிதல், தம் படைப்பை அத்தரத்தோடு ஒப்பிடல், இடைவெளியைக் குறைக்கும் செயலில் ஈடுபடல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ வேண்டும் என்றார். பிளாக், வில்லியம் ஆகியோரின் 1998, 2009 ஆண்டுக் கட்டுரைகள் இம்மரபில் வருவன. மதிப்பீட்டால் கிடைக்கும் சான்று அடுத்த கற்பித்தல் முடிவுக்குப் பயன்படுகிறதா என்பதே அவர்களுக்கு உரைகல்.

இவ்வரலாற்றை ஆய்வேட்டில் எழுதுவதன் பயன் பெயர்களை அடுக்குவதன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘வளரறி மதிப்பீடு’ என்னும் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு என்பதே இதன் தேவை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29-ஆம் பிரிவில், குழந்தையின் அறிவையும் அதனைப் பயன்படுத்தும் திறனையும் முழுமையாகவும் தொடர்ச்சியாகவும் மதிப்பிடுவதைக் கலைத்திட்டம் வகுப்போர் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. 2012-13-ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் முதல் எட்டு வகுப்புகளுக்கு முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. அதில் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீடு (அ) 20 மதிப்பெண், சிறு தேர்வுகளுக்கான வளரறி மதிப்பீடு (ஆ) 20 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீடு 60 மதிப்பெண் என நூறு பகுக்கப்பட்டது.

சாட்லரின் வரையறைப்படி, பருவ இறுதி மதிப்பெண்ணில் சேர்க்கப்பட்டு அதனோடு முடிந்துவிடும் சிறு தேர்வு வளரறி மதிப்பீடு ஆகாது. பதிவேட்டின்படி அதுவே வளரறி மதிப்பீடு. இரு பொருளையும் பிரிக்காத ஆய்வாளர், மதிப்பெண் இல்லாத பின்னூட்டத்தை ஆராய்ந்த அயல்நாட்டு ஆய்வையும் மதிப்பெண் வழங்கும் உள்ளூர் நடைமுறையை ஆராய்ந்த ஆய்வையும் அருகருகே வைத்து, முடிவுகள் ‘ஒத்துப்போகின்றன’ என்றோ ‘முரண்படுகின்றன’ என்றோ எழுதிவிடுகிறார். இரண்டுமே பொருளற்ற கூற்றுகள். நம் மாதிரி ஆய்வாளர் தம் இயலின் தொடக்கத்தில், ‘இவ்வாய்வில் வளரறி மதிப்பீடு என்பது மதிப்பெண்ணில் சேராத, மாணவர் தம் கட்டுரையைத் திருத்தி எழுதப் பயன்படும் எழுத்துவழிப் பின்னூட்டத்தைக் குறிக்கும்’ என எழுதினால், எந்த ஆய்வு உள்ளே வரும், எது வராது என்பது அப்பொழுதே தெளிவாகிவிடும்.

2. தேடலும் தேடலின் பதிவும்

1987-இல் நாட்ரியெல்லோவும் 1988-இல் குரூக்ஸும் வகுப்பறை மதிப்பீடு பற்றி இரு மீளாய்வுகளை வெளியிட்டனர். முன்னவர் 91 நூல்களையும் கட்டுரைகளையும் சுட்டினார், பின்னவர் 241. இரு பட்டியலிலும் பொதுவாக இடம்பெற்றவை 9 மட்டுமே என்பதைப் பிளாக், வில்லியம் ஆகியோர் எடுத்துக்காட்டினர். துறையில் தேர்ந்த இருவர், ஏறத்தாழ ஒரே காலத்தில், நெருங்கிய பொருளைத் தேடியும் இந்நிலை. ஆய்வுகள் வெவ்வேறு சொற்களின் கீழ்ச் சிதறிக் கிடப்பதே காரணம். பின்னூட்டம், வகுப்பறை வினாக்கள், தேர்ச்சிக் கற்றல், தன்மதிப்பீடு எனப் பல பெயர்களில் இப்பொருள் ஆராயப்பட்டுள்ளது. ஒரே சொல்லைக் கொண்டு தேடுபவருக்கு ஒரு பகுதியே அகப்படும்.

ஆகவே தேடலைச் சொற்குழுக்களாக அமைத்தல் வேண்டும். மதிப்பீட்டைக் குறிக்கும் சொற்கள் ஒரு குழு. எழுத்துத் திறனைக் குறிக்கும் சொற்கள் மற்றொரு குழு. குழுவுக்குள் ‘அல்லது’ உறவும் குழுக்களுக்கிடையே ‘மற்றும்’ உறவும் அமையும். எரிக் எனப்படும் கல்வியியல் தரவுதளத்தில் முதல் தேடலை இவ்வாறு இடலாம்:

```
("formative assessment" OR feedback OR "self assessment") AND writing
descriptor:"Formative Evaluation" AND writing
```

இரண்டாம் வரி முக்கியமானது. எரிக் தளத்தின் பொருட்சொல் அடைவில் இப்பொருள் பழைய பெயராலேயே குறிக்கப்படுகிறது. கட்டுரைத் தலைப்பில் இன்றைய வழக்குச் சொல் இருந்தாலும் அடைவுச் சொல் அதுவாக இருக்கலாம். இரு வரிகளும் தரும் பட்டியல்கள் முழுதும் ஒன்றாக இரா. அவ்வேறுபாட்டைக் கண்டவுடன் சொற்குழுவை விரிவாக்க வேண்டும் என்பது ஆய்வாளருக்குப் புலப்படும்.

இந்திய ஆய்வுகளுக்கு இன்ஃபிளிப்நெட் நடுவத்தின் சோத்கங்கா தளம் பயன்படும். ஆனால் அது முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கான களஞ்சியம். எம்.எட். ஆய்வேடுகள் கல்வியியல் கல்லூரி நூலகங்களின் அடுக்குகளிலேயே தங்கிவிடுகின்றன. ஆதலின் சோத்கங்காவில் கிடைக்கவில்லை என்பதைக் கொண்டு ‘தமிழ்நாட்டில் ஆய்வு நிகழவில்லை’ என எழுதுவது பிழையாகும். ‘இன்ன தளங்களில், இன்ன நாளில், இன்ன சொற்களால் தேடியபோது கிடைக்கவில்லை’ என எழுதுவதே உண்மைக்கு நெருங்கியது. அதற்குத் தேடலின் பதிவு தேவை. நாள், தளம், இட்ட சொற்றொடர், கிடைத்த எண்ணிக்கை, தலைப்பைப் பார்த்து விலக்கியவை, சுருக்கத்தைப் படித்து விலக்கியவை, முழுதும் படித்தவை, விலக்கியதற்கான காரணம் ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தால் போதும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் வினவும்போது இக்குறிப்பேடே விடையாகும்.

3. எண்ணின் மூலத்தைத் தேடல்

சுவடிப் பதிப்பில் பயின்றவர்களுக்கு மூலபாடத் தேடல் புதிதன்று. ஒரு பாடம் பல ஏடுகளில் ஒரே வடிவில் இருப்பதாலேயே அது மூலபாடம் ஆகிவிடாது. அவ்வேடுகள் அனைத்தும் ஒரே ஏட்டைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டவையாக இருக்கலாம். ஆய்வேடுகளில் வலம்வரும் எண்களும் அத்தகையனவே. 0.4 முதல் 0.7 வரை என்னும் எண்ணை நூறு ஆய்வேடுகள் சுட்டினாலும் அவை நூறு சான்றுகள் ஆகா.

பிளாக், வில்லியம் ஆகியோர் 1998-இல் இரு படைப்புகளை வெளியிட்டனர். ஒன்று, ஏறத்தாழ 250 வெளியீடுகளை ஆராய்ந்து ஆய்விதழ் ஒன்றில் வந்த நெடிய மீளாய்வு. மற்றொன்று, அதனை ஆசிரியர்க்கும் கொள்கை வகுப்போர்க்கும் சுருக்கித் தந்த சிறு கட்டுரை. 0.4 முதல் 0.7 வரை என்னும் வரம்பு பரவியது இச்சிறு கட்டுரையின் வழியாகவே. நெடிய மீளாய்விலோ, ஆய்வுகள் ஒன்றோடொன்று பெரிதும் வேறுபடுவதால் அவற்றைச் சேர்த்துத் தொகுப்புப் பகுப்பாய்வு செய்ய இயலாது என்பதை அவர்கள் விளக்கியிருந்தனர். அதாவது அவ்வரம்பு ஒரு கணக்கீட்டின் விடையன்று. வேறுபட்ட ஆய்வுகளைப் படித்தவர்கள் பொதுவாசகருக்குத் தந்த மதிப்பீடு. நெடிய மீளாய்வைச் சுட்டி அவ்வரம்பை எழுதுபவர், தாம் படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டிக்கொள்கிறார். அப்பிழை தேர்வாளர் கண்ணுக்கு எளிதில் தென்படும்.

அம்மீளாய்வில் இடம்பெற்ற ஆய்வுகளையும் திறந்து பார்க்க வேண்டும். ஃபுக்ஸ் இணையர் 1986-இல் 21 ஆய்வுகளைத் தொகுத்து 0.70 என்னும் சராசரி விளைவளவைப் பெற்றனர். அவ்வாய்வுகளில் பங்கேற்றோரில் பெரும்பான்மையினர் சிறப்புக் கல்வி பெற்ற மாணவர். ஆசிரியர்கள் தொடர்ந்து தரவு திரட்டினர். அத்தரவைக் கண்டு என்ன செய்வது என்பதற்கு முன்வகுத்த விதிகள் இருந்தபோது விளைவளவு ஏறத்தாழ 0.9 ஆகவும், ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்டபோது 0.42 ஆகவும் இருந்தது. இப்பிரிப்பே ஆசிரியர் கல்விக்கு மிகப் பயன்படும் செய்தி. மதிப்பிடுவது மட்டும் போதாது. மதிப்பீட்டைத் தொடர்ந்து எடுக்க வேண்டிய முடிவுக்கு நெறி வேண்டும் என அது காட்டுகிறது. ஆனால் 0.70 என்னும் ஒற்றை எண்ணை மட்டும் எடுத்தாளும்போது இச்செய்தி மறைந்துவிடுகிறது. 0.70 என்பதே பின்னர் வந்த வரம்பின் மேல் எல்லையாயிற்று என ஊகித்து எழுதுவதும் மற்றொரு பிழையாகும். எண்கள் ஒத்திருப்பது ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதற்குச் சான்றாகாது.

4. முரண்படும் முடிவுகள்

மீளாய்வுகள் சிலவற்றை ஒரே அட்டவணையில் வைத்துப் பார்த்தல் நலம்.

| மீளாய்வு | ஆராயப்பட்டது | தொகுப்பு | சராசரி விளைவளவு |
|---|---|---|---|
| ஃபுக்ஸ், ஃபுக்ஸ் (1986) | தொடர் தரவு திரட்டல். பெரிதும் சிறப்புக் கல்வி மாணவர் | 21 ஆய்வுகள் | 0.70 |
| பாங்கர்ட்-டிரௌன்ஸ், குலிக், குலிக், மார்கன் (1991) | தேர்வு போன்ற வினாக்களுக்குப் பின் தரும் பின்னூட்டம் | 58 விளைவளவுகள் | 0.26 |
| குளூகர், டெனிசி (1996) | பின்னூட்டம். பள்ளிக்கு வெளியிலும் | 607 விளைவளவுகள் | 0.41 |
| கிங்ஸ்டன், நாஷ் (2011) | பள்ளி வகுப்புகளில் வளரறி மதிப்பீடு | 13 ஆய்வுகள், 42 விளைவளவுகள் | 0.20 |

பட்டியல் முறையில் எழுதுபவர் இவற்றை ஆண்டு வரிசையில் நான்கு பத்திகளாக எழுதி அடுத்த ஆய்வுக்குச் சென்றுவிடுவார். மீளாய்வு செய்பவர் ஏன் இவை வேறுபடுகின்றன என வினவுவார். விடை இரண்டாம் நிரலில் உள்ளது. நான்கும் ஒரே செயலை அளக்கவில்லை. ஒரே வகை மாணவரையும் அளக்கவில்லை.

குளூகர், டெனிசி ஆய்வின் 0.41 என்னும் சராசரிக்குப் பின்னால் மற்றொரு செய்தி உள்ளது. அவர்கள் தொகுத்த விளைவளவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை எதிர்மறையானவை. அந்நேர்வுகளில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்தது. கவனம் செய்யும் பணியிலிருந்து விலகித் தன்னைப் பற்றிய எண்ணத்துக்குச் செல்லும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ரூத் பட்லர் 1988-இல் இஸ்ரேல் பள்ளி மாணவரிடையே நடத்திய ஆய்வு இதனோடு பொருந்துகிறது. ஒரு குழுவினர் கருத்துரை மட்டும் பெற்றனர்; மற்றொரு குழுவினர் மதிப்பெண் மட்டும்; மூன்றாம் குழுவினர் இரண்டையும். கருத்துரை மட்டும் பெற்றோர் முன்னேறினர். இரண்டையும் பெற்றோர்க்கு அப்பயன் கிட்டவில்லை. மதிப்பெண்ணில் சேரும் வளரறி மதிப்பீட்டை நடைமுறையாகக் கொண்ட நம் பள்ளிகளுக்கு இது நேரடியான வினாவை எழுப்புகிறது. விடையைத் தருகிறது எனக் கொள்ளலாகாது. நாடும், பணியின் தன்மையும் வேறு. ஆய்வு இடைவெளி என்பது இங்குத்தான் உள்ளது. ‘போதிய ஆய்வுகள் இல்லை’ என்னும் பொதுக்கூற்றை விட, ‘மதிப்பெண்ணோடு சேர்ந்து வரும் கருத்துரை தமிழ்க் கட்டுரை எழுதும் எட்டாம் வகுப்பு மாணவரிடம் எவ்வாறு செயற்படுகிறது என்பது அறியப்பட வேண்டியுள்ளது’ என்னும் கூற்று ஆய்வை நடத்தத் தக்கது.

கிங்ஸ்டன், நாஷ் ஆய்வைக் கொண்டு 0.20-தான் உண்மையான எண் எனத் தீர்ப்பதும் பொருந்தாது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை நோக்கிய அவர்கள், விளைவளவைக் கணக்கிடப் போதிய தகவல் உடையவையாக 13-ஐ மட்டுமே ஏற்றனர். அவர்களின் தேர்வு முறையையும் பகுப்பாய்வையும் பிரிக்ஸ் முதலானோர் 2012-இல் மறுத்து எழுதினர். 2011-இல் ராண்டி பென்னட் எழுதிய திறனாய்வு இதனினும் அடிப்படையானது. வளரறி மதிப்பீடு என்னும் பெயரின் கீழ் வெவ்வேறு செயல்கள் அடங்கியிருக்கும்போது அவற்றுக்கு ஒரே சராசரி காண்பது பொருளுடையதன்று என அவர் வாதிட்டார். மீளாய்வில் இவ்விவாதத்தை இரு பத்திகளில் சொன்னால், படிப்பவர் எண்ணைப் பார்க்காமல் எண்ணின் அடியில் உள்ளதைப் பார்க்கத் தொடங்குவர்.

5. எண் பிழைத்தால் ஆய்வு என்னாகும்?

இவ்வேறுபாடு வெறும் நூற்சுட்டுத் தூய்மை பற்றியதன்று. கட்டுரைத் தேர்வு நூறு மதிப்பெண்ணுக்கு நடத்தப்படுகிறது எனவும் அதன் திட்டவிலக்கம் 15 எனவும் கொள்வோம். விளைவளவு என்பது இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுத்துப் பெறுவது. ஆகவே 0.7 என்பது 10.5 மதிப்பெண் வேறுபாடு, 0.4 என்பது 6 மதிப்பெண், 0.2 என்பது 3 மதிப்பெண்.

இத்தகைய வேறுபாட்டைக் கண்டறிய எத்தனை மாணவர் வேண்டும்? ஐந்து விழுக்காட்டுப் பொருட்தன்மை நிலையில், உண்மையில் உள்ள வேறுபாட்டைப் பத்தில் எட்டு முறையேனும் கண்டறிய வேண்டுமாயின், ஒரு குழுவுக்குத் தேவையான எண்ணிக்கையைத் தோராயமாகப் பின்வரும் வாய்பாடு தரும். இதில் d என்பது விளைவளவு.

```
n = 16 / d²
```

d 0.7 ஆயின் ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 33 மாணவர். 0.4 ஆயின் 100 பேர். 0.2 ஆயின் 400 பேர். நம் ஆய்வாளரிடம் பிரிவுக்கு 35 மாணவர் உள்ளனர். 0.7 என்னும் எண்ணை நம்பினால் இது போதும் எனத் தோன்றும். உண்மை விளைவு 0.2-க்கு அருகில் இருப்பின், 35 மாணவரைக் கொண்டு அதனைக் கண்டறியும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆய்வு ‘பொருட்படத்தக்க வேறுபாடு இல்லை’ என முடியும். ஆய்வாளர் ஐந்தாம் இயலில் ‘எழுத்துவழிப் பின்னூட்டம் பயனற்றது’ என எழுதுவார். அளவுகோலின் நுண்மைக் குறைவு, அளக்கப்பட்ட பொருளின் குறைவாகப் பதிவாகிவிடும். நாளை மற்றோர் ஆய்வாளர் இதனைத் தம் இரண்டாம் இயலில் ஒரு பத்தியாகச் சேர்ப்பார்.

இவ்வாய்பாட்டுக்கும் எல்லை உண்டு. அது மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியே குழுக்களில் இடப்பட்டதாகக் கொள்கிறது. முழு வகுப்புகளை ஒப்பிடும்போது, ஒரே ஆசிரியரிடம் பயில்வோரின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் தேவை மேலும் கூடும். இரு பிரிவுகளை மட்டும் ஒப்பிடுபவர், பின்னூட்டத்தின் விளைவையும் ஆசிரியரின் விளைவையும் பிரித்தறிய இயலாது. முன்தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்வது ஓரளவே துணை செய்யும்.

ஆகவே மீளாய்வை நேர்மையாகச் செய்த ஆய்வாளருக்கு வழி மாறுகிறது. 70 மாணவரைக் கொண்டு விளைவளவை நிறுவ முயல்வதை விட, பயிற்சி ஆசிரியர் எழுதிய கருத்துரைகளையே தரவாகக் கொள்ளலாம். ஒரு கட்டுரையின் ஓரத்தில் ‘நன்று’, ‘இன்னும் முயற்சி தேவை’ என்பன எத்தனை, ‘இரண்டாம் பத்தியின் கருத்துக்கு எடுத்துக்காட்டு தருக’ என்பன எத்தனை என வகைப்படுத்தலாம். முன்னவை மாணவரைப் பற்றியோ படைப்பின் பொதுத்தரம் பற்றியோ பேசுவன; பின்னது செய்ய வேண்டிய பணியைச் சுட்டுவது. மாணவர் திருத்தி எழுதிய படியில் எவ்வகைக் கருத்துரை மாற்றத்தை விளைத்தது எனப் பின்தொடரலாம். 70 மாணவரின் இரு படிகள் இதற்குப் போதிய தரவாகும். இவ்வடிவமைப்பு சாட்லரின் மூன்றாம் நிபந்தனையிலிருந்தும் குளூகர், டெனிசி விளக்கத்திலிருந்தும் நேரே பிறப்பது. இரண்டாம் இயலும் மூன்றாம் இயலும் அப்பொழுதுதான் ஒன்றோடொன்று பிணைகின்றன.

6. எழுதும் முறை

இதுவரை கூறியவற்றை எழுத்தில் கொண்டுவரும்போது பத்தியின் அலகு ஆய்வாளர் பெயராக இன்றிக் கூற்றாக அமைதல் வேண்டும். பட்டியல் முறையில் அமைந்த பத்தி ஒன்று இவ்வாறிருக்கும்: ‘பட்லர் (1988) மாணவரிடையே ஆய்வு நடத்தினார். கருத்துரை சிறந்தது எனக் கண்டறிந்தார். குளூகர், டெனிசி (1996) பின்னூட்டம் பற்றி ஆராய்ந்தனர். விளைவளவு 0.41 எனக் கண்டறிந்தனர்.’

இதே செய்தி கூற்றை மையமாக்கி எழுதப்படும்போது இவ்வாறு அமையும்: ‘பின்னூட்டம் எப்பொழுதும் கற்றலை உயர்த்துவதில்லை. குளூகர், டெனிசி (1996) தொகுத்த விளைவளவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிர்மறையாக இருந்தன. கவனம் பணியிலிருந்து விலகுவதே காரணம் என அவர்கள் கருதினர். கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்ற மாணவர் கருத்துரையின் பயனை இழந்தனர் என்னும் பட்லரின் (1988) முடிவை இவ்விளக்கத்தோடு பொருத்திக் காணலாம். ஆயினும் பட்லரின் ஆய்வு நீண்ட கட்டுரை எழுதும் பணியைப் பற்றியதன்று. ஆகவே இம்முடிவு தமிழ்க் கட்டுரைப் பயிற்சிக்குப் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.’

இரண்டாம் பத்தியில் பெயர்கள் கூற்றுக்குச் சான்றாக நிற்கின்றன. இறுதித் தொடர் ஆய்வின் தேவையைத் தானே வெளிப்படுத்துகிறது. மீளாய்வு இவ்வாறு அமைந்துள்ளதா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பத்திகளின் வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றியும் பொருள் கெடவில்லையெனில் அது பட்டியலே; கெடுமாயின் அங்கு ஒரு வாதம் உள்ளது.

முடிவுரை

வளரறி மதிப்பீடு என்னும் சொல் 1967 முதல் இன்று வரை பொருள் மாறி வந்துள்ளது. தமிழ்நாட்டுப் பதிவேடுகளில் அதற்கு மதிப்பெண் சார்ந்த தனிப்பொருளும் உண்டு. இவற்றுள் எப்பொருளைக் கொள்வது என முதலில் தீர்மானித்தல் வேண்டும். தேடலின் பதிவு இல்லாத ‘ஆய்வு இடைவெளி’ நிறுவப்பட்டதாகாது. பரவலாகச் சுட்டப்படும் விளைவளவு, கணக்கீட்டின் விடையாக அன்றி ஆசிரியர்க்கான சுருக்கத்தில் தரப்பட்ட மதிப்பீடாகவே பரவியது. அதனை அவ்வாறே ஏற்றால், ஆய்வின் மாதிரி அளவு பிழைத்து, பயனுள்ள நடைமுறை ஒன்று பயனற்றதாகத் தீர்க்கப்படலாம். பயிற்சி ஆசிரியர்கள் வகுப்பறைக்குக் கொண்டுசெல்வது இத்தீர்ப்புகளையே ஆதலின், இரண்டாம் இயலில் நேரும் பிழையின் விளைவை இறுதியில் ஏற்பவர் கட்டுரை ஏட்டைத் திரும்பப் பெறும் எட்டாம் வகுப்பு மாணவரே ஆவார்.